உங்கள் மெயிலின் முதல் வரி என்ன கேட்கிறது?

அலுவலக மெயில் எழுதப் பயிற்சி கொடுப்பது என் தொழில். வகுப்புக்கு வருகிறவர்களைத் தாங்கள் அனுப்பிய மெயில்களில் சிலவற்றைக் கொண்டுவரச் சொல்வேன். பெரும்பாலானவை ‘ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்’ என்றுதான் ஆரம்பிக்கும். அந்த வாக்கியத்தில் தப்பு எதுவும் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் பிரச்சினை. ஜிமெயில் பட்டியலில் அனுப்பியவர் பெயரும் தலைப்பும் போக, மெயிலின் முதல் சில சொற்கள் மட்டும்தான் தெரியும். போனில் வரும் அறிவிப்பிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இப்போதே திறப்பதா, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாமா என்று எதிராளி அந்தத் துண்டை வைத்துத்தான் முடிவு செய்கிறார், அதில் போய் நலம் விசாரித்துக்கொண்டிருந்தால் வேலை எப்படி நடக்கும்?

வகுப்பில் நான் அடிக்கடி எடுக்கும் மாதிரி இது. ஒரு ஒருங்கிணைப்பாளர் தன் மேலாளருக்கு எழுதுகிறார்:

“வணக்கம் மேடம், நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். சென்ற வாரம் நாம் பேசியது நினைவிருக்கும். சர்வர் பராமரிப்பு ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நிறுவனத்தார் புதிய விலைப்பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள், இணைத்திருக்கிறேன். பழைய கட்டணமேதான். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தாகவில்லை என்றால் கட்டணம் கூடும் என்கிறார்கள். எனவே தயவுசெய்து ஆவன செய்யவும். நன்றி.”

மேடம் என்ன பதில் போடுவார்? “பார்த்தேன், நன்றி.” அவர் மேல் குற்றமில்லை. விலைப்பட்டியலைப் பார்க்கச் சொன்னார்களா, ஒப்புதல் கேட்டார்களா, கையெழுத்து யார் போடுவது, எதுவுமே மெயிலில் இல்லை. உங்கள் மெயிலுக்கு இப்படி ‘பார்த்தேன்’ என்றோ ‘நான் என்ன செய்யணும்?’ என்றோ பதில் வந்தால், முதல் வரி வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

திருத்துவது பெரிய வேலை இல்லை. நோக்கம் எப்போதும் மெயிலுக்குள்தான் இருக்கும், பெரும்பாலும் ‘நன்றி’க்கு ஒரு வரி மேலே, ‘ஆவன செய்யவும்’ மாதிரி ஒரு போர்வைக்குள். அதை வெளியே இழுத்து, யார், என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்ற மூன்றையும் சேர்த்து மேலே வையுங்கள்:

“வணக்கம் மேடம், சர்வர் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வியாழன் மாலைக்குள் உங்கள் ஒப்புதல் வேண்டும். பழைய கட்டணம்தான், வெள்ளிக்குப் பிறகு கூடும். விலைப்பட்டியலை இணைத்திருக்கிறேன்.”

கெடு வெள்ளியாக இருந்தும் இதில் வியாழன் கேட்டிருக்கிறது. ஒப்புதல் வந்த பிறகு கையெழுத்துக்கு ஒரு நாள் வேண்டாமா? சென்ற வாரப் பேச்சு காணாமல் போய்விட்டது, அதை யாரும் தேடவும் மாட்டார்கள்.

இந்த இடத்தில் பலரும் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். நலம் விசாரிப்பை வெட்டிவிட்டு ‘ஒப்பந்தம் தொடர்பாக எழுதுகிறேன்’ என்று ஆரம்பிப்பார்கள். அது தலைப்பில் ஏற்கெனவே இருக்கிறதே! எதைப் பற்றி என்பது வேறு, எதற்காக என்பது வேறு. ‘சும்மா நினைவூட்டத்தான்’ என்பதும் இதே ரகம். எதை நினைவூட்டுகிறீர்கள் என்று கண்டுபிடிக்க அவர் பழைய மெயில்களைக் கீழே உருட்டிக்கொண்டே போக வேண்டும். முதல் வரியைத் தவிர மற்றதை எல்லாம் மறைத்துவிட்டு, இதை மட்டும் படித்தால் அவருக்குத் தன் வேலை தெரியுமா என்று பாருங்கள். என்ன முயன்றும் அப்படி ஒரு வரி எழுத வரவில்லையா, அந்த மெயில் இப்போது தேவைதானா என்று யோசிக்கலாம்.

பத்துப் பேருக்குப் போகும் மெயிலில் இது இன்னும் முக்கியம். எல்லாருக்கும் பொதுவாகக் கேட்டால் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள். “கணக்குப் பிரிவு செவ்வாய்க்குள் தொகையை உறுதிசெய்ய வேண்டும், மற்றவர்களுக்கு இது தகவலுக்கு மட்டும்” என்று ஆரம்பித்தால் ஒன்பது பேர் நிம்மதியாக அடுத்த மெயிலுக்குப் போய்விடலாம்.

‘வெடுக்கென்று இருக்காதா?’ என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். ‘வணக்கம்’ இருக்கிறது, ‘வேண்டும்’ என்பதை ‘தர முடியுமா’ என்று மாற்றலாம், அதற்கு மேல் மரியாதை தேவைப்படுவது அபூர்வம். அவருக்கு உடம்பு சரியில்லை என்று உங்களுக்கு உண்மையிலேயே தெரியும் என்றால் கண்டிப்பாகக் கேளுங்கள், கடைசி வரியில் கேட்டாலும் அது அன்புதான். முன்பின் தெரியாதவருக்கு எழுதும்போது மட்டும் நீங்கள் யார் என்பது முதல் வரியிலேயே பாதி இடம் பிடிக்கும், தப்பில்லை. அனுதாபம் சொல்லும் மெயிலில் அனுதாபமே நோக்கம். அதோடு கோப்பு எதையும் கேட்காதீர்கள், அதற்கு இரண்டு நாள் கழித்து வேறு மெயில் போடலாம்.