நிலுவை ஊதியத்துக்கு மதிப்பீட்டில் அடிக்குறிப்பு எழுதும் முறை

அம்பாசமுத்திரம் பக்கத்து அரசு அலுவலகம் ஒன்றில் பகுதி நேரத் துப்புரவுப் பணியாளராக இருந்த ஓர் அம்மாவுக்கு, 2020 ஜூலை முதல் 2023 பிப்ரவரி வரை 32 மாதங்கள், ஆணைப்படி தர வேண்டிய தொகுப்பூதியத்தைவிட மாதம் 5,825 ரூபாய் குறைவாகக் கொடுக்கப்பட்டு வந்தது. மொத்தம் 1,86,400 ரூபாய். அந்த வித்தியாசத்தை வழங்கலாம் என்று 2023 ஜூனில் ஆணையும் வந்துவிட்டது. பணம் அவர் கைக்கு வந்தது 2025 மே மாதத்தில்தான். நடுவிலிருந்த இரண்டு ஆண்டுகளை விழுங்கியது பட்ஜெட் மதிப்பீட்டில் எழுதப்பட்ட ஒரே ஒரு மோசமான அடிக்குறிப்பு.

“பணம் வரும்னு எல்லாரும் சொல்லுதாங்க ஐயா, எப்ப வரும்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்காங்க” என்று அவர் என்னிடம் சொன்னபோது, அவர் கையிலிருந்த ஆணையில் ஒரு குறையும் இல்லை. அலுவலகத்தில் கேட்டால் ஒதுக்கீடு இல்லை என்றார்கள். கருவூலத்தில் கேட்டால், ஒதுக்கீடு இல்லாத கணக்குத் தலைப்பில் சம்பளப் பட்டியலை ஏற்க முடியாது என்றார்கள். அது சரியான பதில்தான். துறைத் தலைவர் அலுவலகத்தில், மாவட்டத்திலிருந்து கேட்கவே இல்லை என்றார்கள். கேட்கத்தான் செய்திருந்தார்கள், ஏன் கேட்கிறோம் என்பதைத்தான் எழுதவில்லை.

மதிப்பீடு எப்படித் தயாராகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பளப் பட்டியல் போடும் அலுவலர் தம் அலுவலகத்துக்கு வேண்டிய தொகையைக் கணக்குத் தலைப்புவாரியாக எழுதி மேலே அனுப்புகிறார். துறைத் தலைவர் எல்லா மாவட்டத்துக்கும் சேர்த்துத் தொகுக்கிறார். நிதித் துறை அதைச் சரிபார்த்து, குறைத்தோ ஏற்றோ சட்டமன்றத்துக்குக் கொண்டுசெல்கிறது. ஒவ்வொரு வரியிலும் சென்ற ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பு ஆண்டின் மதிப்பீடு, அதன் திருத்த மதிப்பீடு, அடுத்த ஆண்டின் மதிப்பீடு ஆகியவை அடுத்தடுத்து நிற்கும். சரிபார்ப்பவரின் கண் முதலில் போவது இந்த எண்களுக்கு இடையிலுள்ள தாவலின் மீதுதான்.

நான் சொல்லும் அலுவலகத்தில் அந்தத் தலைப்பின் முந்தைய ஆண்டுச் செலவு 705 ஆயிரம் ரூபாய், நடப்பு ஆண்டு மதிப்பீடு 720 ஆயிரம். அடுத்த ஆண்டுக்கு 907 ஆயிரம் கேட்டு, கீழே இப்படி எழுதியிருந்தார்கள்:

“நிலுவைத் தொகை வழங்க வேண்டியுள்ளதால் கூடுதல் ஒதுக்கீடு தேவைப்படுகிறது.”

யாருக்கு நிலுவை, எந்த ஆணைப்படி, எவ்வளவு, இந்த ஓராண்டுக்கு மட்டுமா, ஆண்டுதோறுமா என்பதில் எதுவும் இந்த வாக்கியத்தில் இல்லை. ஏறக்குறைய 26 விழுக்காடு உயர்வைக் காரணமில்லாமல் கேட்டால், அறிமுகமில்லாத ஒருவர் அதை வழக்கமான வளர்ச்சிக்குள் அடக்கிவிடுவார். 740 ஆயிரம் என்று குறைத்தார்கள். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெட்டப்பட்டது ஓர் ஆளின் கூலி என்பது அந்தக் காகிதத்தைப் பார்த்தவர் எவருக்கும் தெரிந்திருக்க முடியாது.

அடுத்த ஆண்டு அதே தொகைக்கு, எண்ணின் அருகில் நட்சத்திரக் குறியிட்டு, நாங்கள் எழுதிக் கொடுத்த குறிப்பு இது:

“மேற்கண்ட தொகையில் ரூ.187 ஆயிரம், பகுதி நேரத் துப்புரவுப் பணியாளர் ஒருவருக்கு ஜூலை 2020 முதல் பிப்ரவரி 2023 வரையிலான 32 மாதத் தொகுப்பூதிய வித்தியாசமாகும் (மாதம் ரூ.5,825 × 32 = ரூ.1,86,400). ஆணை எண்ணும் நாளும் இணைப்பில் காண்க. இது ஒருமுறைச் செலவு. அடுத்தடுத்த ஆண்டுகளில் எழாது. நடப்பு ஆண்டின் மதிப்பீட்டிலோ திருத்த மதிப்பீட்டிலோ இதற்கு ஒதுக்கம் கோரப்படவில்லை.”

இதிலுள்ள கடைசி வாக்கியத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே நிலுவையைத் திருத்த மதிப்பீட்டிலும் அடுத்த ஆண்டு மதிப்பீட்டிலும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டு இடத்தில் போட்டு வைப்பது நம் அலுவலகங்களில் பழக்கம். சரிபார்ப்பவருக்கு அது இருமுறை கோரிக்கையாகத் தெரிந்து, இரண்டு இடத்திலும் வெட்டு விழும். ‘ஒருமுறைச் செலவு’ என்ற சொல்லும் அதே அளவுக்கு முக்கியம். அது இல்லாவிட்டால் மறு ஆண்டிலும் அந்தத் தொகை வேண்டுமோ என்ற சந்தேகத்தில்தான் பாதிக் கோரிக்கைகள் குறைக்கப்படுகின்றன.

1,86,400 எப்படி 187 ஆனது என்று கேட்கலாம். மதிப்பீட்டுப் படிவத்தில் தொகை ஆயிரம் ரூபாயில் எழுதப்படுகிறது. 186.4 என்பதைக் கணக்குப் பாடத்தில் படித்தபடி 186 ஆக்கினால், அந்தத் தலைப்பில் வேறு மீதி இல்லாத அலுவலகத்தில் நானூறு ரூபாய் குறைந்து, முழுப் பட்டியலும் அங்கேயே நின்றுவிடும். நிலுவையை எப்போதும் மேல்நோக்கி முழுமையாக்குங்கள்.

நிலுவைக்கு வெளியே, உயர்த்தப்பட்ட ஊதியம் தொடர்ந்து வழங்கப்படும்போது மாதக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. மார்ச் மாத ஊதியம் ஏப்ரலில் வழங்கப்படுவதால், ஒரு நிதியாண்டின் செலவில் முந்தைய மார்ச் முதல் பிப்ரவரி வரையிலான ஊதியமே வருகிறது. ஜூலை முதல் ஏற்பட்ட உயர்வுக்கு அந்த ஆண்டில் எட்டு மாதம்தான். ஒன்பது என்று குறிப்பில் எழுதினால், உங்கள் மற்றக் கணக்குகளையும் நம்பமாட்டார்கள்.

குறிப்பைச் சரியாக எழுதினாலும் அது மேலே போய்ச் சேரும் என்று இருந்துவிடாதீர்கள். துறைத் தலைவர் அலுவலகத்தில் எல்லா மாவட்டத்தின் எண்களையும் கூட்டி ஒரே வரியாக்கும்போது எண்கள் மட்டும் பயணிக்கின்றன, அடிக்குறிப்புகள் கோப்பிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே அதே குறிப்பை முகப்புக் கடிதத்தில் தனிப் பத்தியாகவும் எழுதி, ஆணையின் நகலை அதனுடன் இணைத்து, தொகுத்து அனுப்பிய பக்கத்தின் நகலை எழுத்தால் கேளுங்கள். தொலைபேசியில் “போட்டாச்சு சார்” என்று வரும் பதிலை நம்பிக் கெட்டவர்களில் நானும் ஒருவன்.

திருத்த மதிப்பீட்டில் எண் ஏறிவிட்டது என்ற செய்தியைக் கேட்டு நிம்மதியடைவதும் தவறு. அந்த எண் செலவு செய்யும் அதிகாரத்தைத் தராது. ஆண்டின் நடுவில் பணம் வேண்டுமென்றால், வேறு தலைப்பிலுள்ள மீதியிலிருந்து மறுநிதி ஒதுக்க ஆணை வர வேண்டும் அல்லது துணை மானியக் கோரிக்கையில் சேர்ந்து சட்டமன்றம் ஏற்க வேண்டும். இரண்டும் நடக்காமல் மார்ச் 31 கடந்துவிட்டால், மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான்.

நிலுவைக்காகக் காத்திருப்பவர் ஆணையின் நகலையும் மாதவாரிக் கணக்கையும் தம் அலுவலகத்தில், மதிப்பீட்டுச் சுற்றறிக்கை வருவதற்கு முன்பே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். “பட்ஜெட்டில் கேட்டிருக்கிறோம்” என்று சொன்னால், தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனுப்போட்டு, இன்ன ஆண்டு மதிப்பீட்டில் இன்ன கணக்குத் தலைப்பில் அனுப்பப்பட்ட பக்கத்தின் நகலை அடிக்குறிப்புடன் தரக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு உண்டு. “என் நிலுவை எப்போது வரும்” என்று கேட்டால், பரிசீலனையில் உள்ளது என்ற ஒரு வரி வரும். திங்கட்கிழமை கொக்கிரகுளத்திலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போகிறவர்களும் இந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது. அந்த அம்மா மூன்று முறை ஆணையை மட்டும் கொண்டுபோனார், மூன்று முறையும் மனு அதே அலுவலகத்துக்கே திரும்பி வந்தது.