ஹெல்மெட் போடாதவர் மீது எவ்வளவு பழி? இழப்பீட்டில் பங்கு பிரிக்கப்படும் விதம்

இருசக்கர வாகனத்தில் போய் அடிபட்டவர் இழப்பீடு கேட்டால், எதிர்த்தரப்பிலிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் "ஹெல்மெட் போட்டிருந்தாரா?" என்பதுதான். இல்லை என்று சொன்னதுமே அடிபட்டவரின் குடும்பம் பாதி தளர்ந்துவிடுகிறது. நம் பக்கமும் தப்பு இருக்கிறதே, கொடுப்பதை வாங்கிக்கொள்வோம் என்று சமரசத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தப்பு இருக்கிறதா என்பதோடு அது நிற்பதில்லை. அந்தத் தப்பால் என்ன விளைந்தது, எவ்வளவு விளைந்தது என்றுதான் கேட்கிறது.

அடிபட்டவரின் கவனக்குறைவும் அவருடைய பாதிப்புக்கு ஒரு காரணமாக இருந்தால் அதைப் பங்களிப்பு அலட்சியம் என்கிறோம். ஒரு காலத்தில் இது ஈவிரக்கமில்லாத விதியாக இருந்தது. 1809-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. வீட்டு வேலைக்காக ஒருவர் சாலையின் குறுக்கே கம்பு போட்டு வைத்திருந்தார். அந்தி வெளிச்சத்தில் குதிரையை வேகமாக விரட்டி வந்தவர் அதில் மோதி விழுந்தார். கம்பு போட்டதும் தப்புதான். ஆனாலும் கவனமாக வந்திருந்தால் தூரத்திலேயே பார்த்திருக்கலாம் என்று சொல்லி, விழுந்தவருக்கு ஒரு காசும் கிடைக்காமல் செய்தார்கள். துளி தப்பு இருந்தாலும் மொத்தமும் போச்சு என்ற அந்த விதியை இங்கிலாந்து 1945-இல் தனிச் சட்டம் போட்டு மாற்றியது. பொறுப்பில் எவ்வளவு பங்கோ, இழப்பீட்டில் அவ்வளவு மட்டும் குறையும் என்றானது. இந்திய நீதிமன்றங்களும் இப்படி விகிதம் போட்டே கழிக்கின்றன. அமெரிக்காவில் அலபாமா, மேரிலாந்து, வடக்கு கரோலினா, வர்ஜீனியா ஆகிய மாநிலங்களில் பழைய விதி இன்னும் பெருமளவு உயிரோடு இருக்கிறது. அங்கே வேறு பல மாநிலங்களில், அடிபட்டவரின் பங்கு பாதியை எட்டினாலோ தாண்டினாலோ எதுவும் கிடைக்காது. ஆகவே எந்த ஊர்ச் சட்டம் பொருந்தும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே சொல்வது விகிதம் போட்டுக் கழிக்கும் முறையைப் பற்றியது.

இந்த முறையில் அதிகம் குழப்பப்படும் இடம் ஒன்று உண்டு. விபத்துக்குக் காரணம் வேறு, காயத்துக்குக் காரணம் வேறு. ஹெல்மெட் போடாததால் எந்தக் காரும் வந்து மோதுவதில்லை. மோதலுக்கு அதில் பங்கு பூஜ்யம். ஆனால் மோதிய பிறகு மண்டை எவ்வளவு உடைந்தது என்பதில் அதற்குப் பங்கு இருக்கலாம். மாறாக, சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனவரின் தப்பு மோதலையே உண்டாக்குகிறது. அதனால் அவருடைய எல்லாக் காயங்களுக்கும் அதில் பங்கு உண்டு. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

இதை அழகாகப் பிரித்துக் காட்டியது 1975-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் டென்னிங் பிரபு எழுதிய தீர்ப்பு. சீட் பெல்ட் போடாமல் சரியாக ஓட்டி வந்தவர் மீது எதிரே முந்திக்கொண்டு வந்த கார் மோதியது. தலையிலும் மார்பிலும் காயம், ஒரு விரலும் முறிந்தது. பெல்ட் போட்டிருந்தாலும் விரல் முறிந்திருக்கும் என்பதால், அந்தக் காயத்துக்கு எதுவும் கழிக்கக் கூடாது என்றார்கள். அதோடு மூன்று படிகளையும் வகுத்தார் டென்னிங். பெல்ட் போட்டிருந்தால் காயமே வந்திருக்காது என்றால் 25 சதவீதம் கழியும். காயம் வந்திருக்கும், ஆனால் நன்றாகக் குறைந்திருக்கும் என்றால் 15 சதவீதம். போட்டிருந்தாலும் இதே காயம்தான் என்றால் கழிவே இல்லை. மற்ற நாட்டு நீதிமன்றங்களை இந்த எண்கள் கட்டுப்படுத்தாது. ஆனால் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழி இல்லை என்பது என் கருத்து. மேல் படியிலேயே 25-ஐத் தாண்டாததற்கும் காரணம் இருக்கிறது. பெல்ட் போடாதவர் தன்னை மட்டும்தான் ஆபத்தில் வைத்தார். மோதியவரோ அடுத்தவர் உயிரோடு விளையாடினார். பழியின் கனம் இரண்டிலும் ஒன்றல்ல.

ஒரு கற்பனை வழக்கை எடுத்து முழுக்கப் போட்டுப் பார்ப்போம். நேர்சாலையில் ஒருவர் பைக்கில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார். அங்கே அனுமதி 50. ஹெல்மெட் இல்லை. ஓட்டுநர் உரிமமும் காலாவதியாகிவிட்டது. எதிரே வந்த கார், அவர் 30 மீட்டர் தொலைவில் இருக்கும்போது குறுக்கே திரும்புகிறது. பைக் காரில் மோதுகிறது. மண்டையோட்டில் முறிவு, தொடை எலும்பு முறிவு. மொத்த இழப்பு 20 லட்சம் என்று மதிப்பிடப்படுகிறது. அதில் 12 லட்சம் தலைக்காயத்தால் வந்தது, 8 லட்சம் கால் முறிவால் வந்தது என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்தரப்பு உரிமத்துக்கு 10, ஹெல்மெட்டுக்கு 20, வேகத்துக்கு 10 என்று கூட்டி, 40 சதவீதம் கழித்து 12 லட்சம் தருவதாகச் சொல்கிறது.

உரிமத்திலிருந்து தொடங்குவோம். காகிதம் காலாவதியானதால் பைக்கின் பிரேக் பலவீனமாகிவிடாது. உரிமம் இல்லாமல் ஓட்டியதற்கு அபராதம் விதிக்கலாம், ஆனால் அது விபத்துக்குக் காரணம் ஆகாது. உரிமம் இல்லை என்பதை மட்டும் வைத்துப் பங்களிப்பு அலட்சியம் சொல்ல முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லியிருக்கிறது. 2020-இல் வந்த இன்னொரு வழக்கில், மூன்று பேர் போன பைக்கைப் பின்னாலிருந்து கார் மோதியது. மூவர் போனதற்காக உயர் நீதிமன்றம் 10 சதவீதம் கழித்திருந்தது. அந்தக் கூடுதல் ஆளால் மோதலோ பாதிப்போ விளைந்தது என்பதற்குச் சாட்சியம் இல்லாமல் கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆக, உரிமத்துக்கான 10 சதவீதம் முழுசாக அடிபட்டுப் போகிறது.

அடுத்தது வேகம். இங்கே ஊகம் வேண்டாம், கணக்கே போட்டுவிடலாம். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கை வைக்க ஒரு நொடி ஆகும் என்று கொள்வோம். காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் ஒவ்வொரு நொடியிலும் வேகம் நொடிக்குச் சுமார் 7 மீட்டர் வீதம் குறையும். 50-இல் வருபவர் முதல் நொடியில் 14 மீட்டர் போய், பிறகு இன்னொரு 14 மீட்டரில் நின்றுவிடுவார். மொத்தம் 28 மீட்டர். காருக்கு முன்னால் நின்றிருப்பார். 60-இல் வருபவருக்கு 36 மீட்டருக்கு மேல் தேவை. 30-ஆவது மீட்டரில் அவர் இன்னும் சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பார். இந்த வழக்கில் அந்தப் பத்து கிலோமீட்டர்தான் மோதலுக்குக் காரணங்களில் ஒன்று. இதே கார் 15 மீட்டரில் திரும்பியிருந்தால் 50-இல் வந்தவரும் மோதியிருப்பார். அப்போது வேகத்தை மோதலுக்குக் காரணம் என்று சொல்ல முடியாது, அடியைக் கொஞ்சம் கூட்டியது என்று மட்டுமே வாதாடலாம். கார் எத்தனை மீட்டரில் திரும்பியது என்ற ஒரே ஒரு அளவு முடிவை இப்படிப் புரட்டிப் போடுகிறது. சம்பவ இட வரைபடத்தில் அந்தத் தூரம் இருக்கிறதா என்று பார்க்காமல் வேகத்தைப் பற்றி வாதாடுவது வீண்.

30 மீட்டர்தான் என்று உறுதியானால் வேகத்துக்கு ஒரு பங்கு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் நேராக வருபவருக்கு வழிவிட வேண்டிய கடமை திரும்புபவருடையது. பழியின் பெரும்பங்கு கார்க்காரருக்கே. வேகத்துக்கு 15 சதவீதம் என்று வைப்போம். அது மோதலையே பாதித்ததால் தலைக்கும் காலுக்கும் சேர்த்தே கழியும்.

கடைசியில் ஹெல்மெட். தொடை எலும்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தலைக்காயத்தில் மட்டும், கவசம் இருந்தால் குறைந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னால், இன்னொரு 15 சதவீதம் கழிக்கலாம். இப்போது கூட்டுங்கள். காலுக்கான 8 லட்சத்தில் 15 சதவீதம் போனால் 6.8 லட்சம். தலைக்கான 12 லட்சத்தில் 30 சதவீதம் போனால் 8.4 லட்சம். மொத்தம் 15.2 லட்சம், அதாவது 20 லட்சத்தில் 24 சதவீதம் கழிவு. தருவதாகச் சொன்னது 12. கையெழுத்துப் போட்டிருந்தால் 3.2 லட்சம் கைநழுவியிருக்கும். எல்லா நீதிபதிகளும் இப்படி உறுப்பு வாரியாகப் பிரிப்பதில்லை, மொத்தத்துக்கு ஒரே சதவீதம் சொல்லிவிடுவதும் உண்டு. அப்படிச் சொல்லும்போதும் இந்தக் கணக்கு முன்னால் இருந்தால் 24 சதவீதத்தைத் தாண்டுவதற்கு அவர் காரணம் எழுத வேண்டியிருக்கும்.

பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு இது வேறு கதை. பைக்கும் காரும் சேர்ந்து செய்த தப்பில் அவர் அடிபட்டால், பைக் ஓட்டியவரின் பங்கை அவர் தலையில் கட்டக் கூடாது. ஓட்டியவரின் வேகத்தில் அவருக்குக் கை இல்லை. இரண்டு வண்டிக்காரர்களும் சேர்ந்து செய்த தப்பை இந்தியாவில் கூட்டு அலட்சியம் என்கிறார்கள். முழுத் தொகையையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் அவர் கேட்கலாம். யார் எவ்வளவு என்பதை அவர்கள் பின்னால் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். பைக்காரருக்குப் போட்ட 15 சதவீதத்தை அப்படியே பின்னால் இருந்தவருக்கும் கழித்த கணக்கு வந்தால் அது பிழை, உடனே சுட்டிக்காட்ட வேண்டும். அவருடைய சொந்தத் தப்பு, சொல்லப்போனால் அவரும் ஹெல்மெட் போடாதது மட்டுமே, அவர் கணக்கில் வரும்.

பங்களிப்பு அலட்சியம் இருக்கிறது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அடிபட்டவர் தன் சுத்தத்தை நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் நடப்பில் இந்தச் சுமை அடிபட்டவர் பக்கம் நழுவிவிடுவது எப்படி என்றால், முதல் நாள் காகிதங்களால்தான். அவசர சிகிச்சைப் பதிவேட்டில் யாரோ பக்கத்தில் இருந்தவர் சொன்னதை வைத்து "ஹெல்மெட் இல்லை" என்றோ "வழுக்கி விழுந்தார்" என்றோ எழுதப்பட்டுவிடும். மயக்கத்தில் இருப்பவர் அதை மறுக்க முடியாது. நினைவு திரும்பியதும் அந்தப் பதிவின் நகலை வாங்கிப் படிக்க வேண்டும். தவறாக இருந்தால் அன்றே எழுத்தில் மறுப்புக் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் கழித்துச் சாட்சிக்கூண்டில் மறுத்தால் அதற்கு மதிப்பு குறைவு.

ஹெல்மெட் போட்டிருந்தவர்கள் செய்யும் பெரிய தவறு, உடைந்த ஹெல்மெட்டைத் தூக்கி எறிவதுதான். அதன் விரிசலும் உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு நசுங்கிய இடமும்தான் அது தலையில் இருந்ததற்குச் சாட்சி. வாரைப் பூட்டியிருந்ததற்கும் அந்த வாரே சாட்சி. வாரைப் பூட்டாமல் ஓட்டியவருக்கு இங்கிலாந்தில் 10 சதவீதம் கழித்த தீர்ப்பு உண்டு. ஆகவே பக்கிளைக் கழற்றாமல், கழுவாமல், ஒரு பையில் கட்டித் தேதி எழுதி வையுங்கள். வார் அறுக்கப்பட்டிருந்தால், மருத்துவமனை ஊழியர் அதை எந்த இடத்தில் வெட்டினார் என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.