தொழில் வரி: 1988-இல் நின்றுபோன உச்சவரம்பு

தண்டையார்பேட்டையில் ஒரு கடையில் மாதம் 9,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதில் ‘பி.டி.’ என்று ஒரு பிடித்தம் இருக்கும். அதுதான் தொழில் வரி. முதலாளி பிடித்து மாநகராட்சிக்குக் கட்டுகிறார்.

கணக்கு அரையாண்டு வருமானத்தை வைத்துப் போடப்படுகிறது. இவருக்கு அது 54,000 ரூபாய். 45,001 முதல் 60,000 வரை உள்ள படிநிலைக்கு முன்பு 690 ரூபாய் வரி. 2024-இல் சென்னை மாநகராட்சி அதை 930 ஆக்கியது. சரி, மாதம் 2 லட்சம் வாங்கும் அதிகாரிக்கு? அரையாண்டுக்கு 1,250 ரூபாய்தான். கடைக்காரப் பையனுக்கு வருமானத்தில் சுமார் 1.7 சதவீதம் போகிறது, அதிகாரிக்கு 0.1 சதவீதம்.

மாநகராட்சி வேண்டுமென்றே இப்படிச் செய்யவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 276-ஆவது பிரிவு, ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்கிறது. முதலில் 250 ஆக இருந்த அந்த வரம்பு 1988-இல் பத்து மடங்கானது, அதோடு சரி. மேல்படி வரம்பைத் தொட்டுவிட்டதால், 2024-இல் கீழ்ப்படிகளில்தான் கைவைக்க முடிந்தது. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

அப்படியிருந்தும் மாநகராட்சி இந்த வரியை விடாததற்குக் காரணம் வடசென்னையிலேயே இருக்கிறது. ராயபுரம், பேசின் பிரிட்ஜ், பெரம்பூர் பக்கம் எவ்வளவு நிலம் ரயில்வே கையில்! ஒன்றிய அரசின் சொத்துக்கு 285-ஆவது பிரிவின்படி சொத்து வரி கிடையாது. ஆனால் பெரம்பூர் பணிமனையில் வேலை செய்யும் ஃபிட்டருக்குத் தொழில் வரி உண்டு. கட்டடம் தராததில் கொஞ்சத்தை அதற்குள் வேலை செய்பவர் தருகிறார். தவிர, ஒரு திட்டத்துக்கென்று வரும் மானியத்தை அந்தத் திட்டத்துக்கே செலவழிக்க வேண்டும். தொழில் வரிப் பணத்தில் கொசு மருந்தும் வாங்கலாம், கூலியும் கொடுக்கலாம்.

கேளிக்கை வரி வேறு ரகம். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநிலத்தின் கேளிக்கை வரி அதற்குள் போய்விட்டது. உள்ளாட்சிகள் விதிப்பது மட்டும் தப்பியது. அந்த ஆண்டு அக்டோபரில் புதிய தமிழ்ப் படங்களுக்கு அது 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அது சதவீதக் கணக்கு என்பதால் டிக்கெட் விலை ஏறினால் வரியும் ஏறும். 1988-இல் உறைந்து கிடக்காது. ஆனால் தியேட்டர் இருந்தால்தான் வரி. தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-இல் மூடப்பட்டதும் அந்த வாசலில் வந்த வரியும் நின்றது.

தொழில் வரிக்கும் ஓட்டை உண்டு. சம்பளக்காரரிடம் முதலாளி பிடித்துவிடுவார்; சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் பிடித்துக் கட்ட ஆள் இல்லை. அவராகப் பதிவு செய்ய வேண்டும், இல்லை, வசூலிப்பவர் பட்டறை வாசலுக்கு வர வேண்டும்.