நூற்றுக்கு 15 மலிவா, 18 மலிவா?

கிளிநொச்சியில் வங்கிக் கடன் பிரிவில் வேலை செய்கிறேன். போன ஐப்பசியில் பரந்தன் பக்கத்து ரீச்சர் ஒருவர், பாடசாலை விட்ட கையோடு நேரே என் மேசைக்கு வந்தார். கையில் கொப்பியில் இருந்து கிழித்த ஒரு தாள். "தம்பி, போனில் கடன் தருகிறோம் என்கிறார்கள். மூன்று லட்சம் ஏற்கனவே அனுமதிக்கப்பட்டு விட்டதாம். இன்று பின்னேரத்துக்குள் சொல்ல வேண்டுமாம்" என்றார்.

தாளில் இருந்தது இவ்வளவுதான்: 3,00,000 ரூபாய், வட்டி 15, இரண்டு வருடம்.

முதலில் அந்த "அனுமதிக்கப்பட்டு விட்டது" என்ற சொல். உங்கள் சம்பளம், கணக்கு போன்ற ஏதோ ஒரு விவரத்தை வைத்து உங்களை ஒரு பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கிறிப் என்று நாம் சொல்லும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கை, சம்பளச் சிட்டை எல்லாம் பார்த்த பிறகுதான் உண்மையான அனுமதி. அதனால் இன்று மறுத்தால் ஏதோ கைவிட்டுப் போகும் என்று பதற வேண்டியதில்லை.

ரீச்சரை அங்கேயே இருந்து அந்த எண்ணுக்குத் திருப்பி எடுக்கச் சொன்னேன். மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம், கழிவுகள் போகக் கையில் எவ்வளவு வரும் என்ற மூன்றை மட்டும் கேட்கச் சொன்னேன். வட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம் என்றேன். பதில் வந்தது. தவணை 16,250, மாதம் 24. ஆவணக் கட்டணமும் காப்புறுதியுமாக 15,000 கழித்துக் கையில் 2,85,000.

அதாவது 2,85,000 வாங்கி 3,90,000 கட்ட வேண்டும்.

அந்த 15 எப்படி வந்தது? மூன்று லட்சத்துக்கு வருடம் 45,000, இரண்டு வருடத்துக்கு 90,000. அதை முதலோடு கூட்டி 24 ஆல் வகுத்திருக்கிறார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் இந்த முறையில், நீங்கள் முதலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் வட்டி முழு மூன்று லட்சத்துக்கே போடப்படும். ஒவ்வொரு தவணையிலும் முதலுக்கு 12,500, வட்டிக்கு 3,750. கடைசி மாதத்தைப் பாருங்கள்: மிச்சம் இருக்கும் முதல் வெறும் 12,500. அதற்கும் அந்த ஒரு மாதத்துக்கு 3,750 வட்டி!

குறைந்து வரும் மீதிக்கு வட்டி போடும் முறையில் இதே தவணையைக் கணித்தால், வருடத்துக்கு 26 வீதத்துக்கு மேல் வருகிறது. கழித்த 15,000 ஐயும் சேர்த்தால் 32 வீதம் வரை போகிறது.

ரீச்சரின் சம்பளம் போகும் வங்கியில், குறைந்து வரும் மீதிக்கு 18 வீதம் என்று சொல்லியிருந்தார்கள். "15ஐ விட அது கூடுதல்" என்று அவர் வந்துவிட்டாராம். மூன்று லட்சத்தை 24 மாதத்துக்குப் போட்டுக் காட்டினேன்: தவணை 14,977. நூற்றுக்கு 15 என்றதை விட மாதம் 1,273 ரூபாய் குறைவு. ரீச்சர் கொஞ்ச நேரம் அந்த இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் கேட்டேன், "அக்கா, மூன்று லட்சம் எதற்கு?" மாரிமழைக்கு முன் குசினிக் கூரையை மாற்ற வேண்டும். ஆசாரி சொன்ன செலவு ஒரு லட்சத்து இருபதாயிரம். மூன்று லட்சம் என்பது போனில் பேசியவர் சொன்ன தொகை. தேவைக்கு மேல் வாங்கும் காசு வீட்டில் நிற்காது, அதன் தவணை மட்டும் நிற்கும். இதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். 1,20,000 ஐ 18 வீதத்தில் ஒரு வருடத்துக்கு எடுத்தால் தவணை ஏறக்குறைய 11,000, மொத்த வட்டி 12,000 அளவு.

கார்ட் தருகிறோம் என்று வரும் அழைப்பும் இப்படித்தான். அதில் தரப்படும் எல்லை உங்கள் காசு அல்ல. மாதா மாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மிச்சத்துக்கு வட்டி ஓடும். ஏரிஎம்மில் அந்தக் கார்டால் காசு எடுத்தால், பொதுவாக எடுத்த நாளில் இருந்தே வட்டி தொடங்கிவிடும்.

கடனை விடுவிக்க முன்பணம் போடுங்கள் என்றாலோ, போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டாலோ, கணக்குப் பார்க்கவே வேண்டாம், வைத்து விடுங்கள். நிறுவனம் உண்மையானதா என்ற சந்தேகம் இருந்தால், அனுமதிப்பத்திரம் பெற்றவற்றின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் உண்டு.

வன்னியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரீச்சரின் கணவர் வயல் செய்கிறார். காலபோக நெல்லுக்குக் காசு வருவது மாசி, பங்குனியில். விதைப்பு, பசளை என்று காசு போவது ஐப்பசி, கார்த்திகையில். தவணையோ மாதா மாதம். அதனால் கார்த்திகை மாதச் செலவை எழுதச் சொல்லி, ரீச்சரின் சம்பளத்தில் மட்டும் 11,000 மிஞ்சுமா என்று பார்த்தோம். 9,000 தான் மிஞ்சியது. தவணைக் காலத்தை 18 மாதமாக நீட்டினோம். தவணை 7,657க்கு வந்தது. வட்டி கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் அதற்கே கையெழுத்து வைத்தார்.