இரண்டு விநாடி ஓடி நிற்கும் என்ஜின்

போன மார்கழியில் ஒரு காலை. சாவியைத் திருப்பியதும் என்ஜின் உடனே பிடித்தது. இரண்டு விநாடிதான், விளக்கை அணைத்தது போலச் சட்டென்று நின்றுவிட்டது. மீட்டர் பலகையில் கார் மேல் சாவி வரைந்த சின்ன விளக்கு விட்டு விட்டு எரிந்தது. மறுபடி திருப்பினேன், மறுபடியும் அதே இரண்டு விநாடி.

பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி இப்படி நிற்காது. திணறும், குலுங்கும், அப்புறம்தான் அடங்கும். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், துளியும் திணறாமல் நின்று, கூடவே அந்த விளக்கும் மினுக்கினால், என்ஜினை வேண்டுமென்றே நிறுத்தியது, சரியான சாவி இல்லாமல் வண்டியை ஓடவிடாத இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவிதான். சில கார்களில் இது ஸ்டார்ட்டரையே சுற்றவிடாது. என்னுடையது போன்ற சிலவற்றில் என்ஜினை முதலில் ஓடவிட்டு, சாவி சரியானதுதான் என்ற பதில் வராவிட்டால் எரிபொருளை நிறுத்திவிடும்.

அந்தப் பதில் வரும் வழி அழகானது. சாவியின் தலைக்குள் அரிசியை விடச் சற்றுப் பெரிய ஒரு சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. சாவிக்குள் நாம் மாற்றும் வட்டப் பேட்டரி கதவைத் திறக்கும் ரிமோட்டுக்கு மட்டும்தான். அது தீர்ந்தாலும் சிப் வேலை செய்யும். சிப்புக்கு மின்சாரம் தருவது, சாவித் துவாரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் வளையத்துக்குள் இருக்கும் ஆன்டெனா சுருள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் அந்தச் சுருளில் பெரும்பாலும் விநாடிக்கு 1,25,000 முறை முன்னும் பின்னும் போய்வரும் மின்னோட்டம் ஓடுகிறது. அதன் காந்தப்புலம் சிப்பின் குட்டிச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. சில சென்டிமீட்டர் தள்ளினாலே இது எட்டாது.

விழித்துக்கொண்ட சிப்பிடம் கார் ஓர் எண்ணைக் கொடுக்கும். தனக்குள் இருக்கும் ரகசியத்தை வைத்துக் கணக்குப் போட்டு சிப் விடை சொல்ல வேண்டும். எண் ஒவ்வொரு முறையும் மாறுவதால், நேற்றைய விடையைப் பதிவு செய்து வைத்திருக்கும் திருடனுக்கு அதனால் பயனில்லை. விடை சொல்ல சிப்பிடம் தனி ஒலிபரப்பி எதுவும் கிடையாது. தன் சுருள் இழுக்கும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது, அவ்வளவுதான். அதனால் வளையத்தின் மின்னழுத்தத்தில் ஏற்படும் மிகச் சிறிய அசைவைத்தான் கார் படிக்கிறது. பெரிய இரைச்சலுக்கு நடுவே ஒரு முணுமுணுப்பைக் கேட்பது போன்ற வேலை இது.

இப்போது வண்டியின் பேட்டரிக்கு வருவோம். சாவியை நிறுத்தாமல் ஒரே திருப்பாகத் திருப்பினால், இந்தக் கேள்வி பதில் முடிவதற்குள் ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரை இழுக்கும். நல்ல பேட்டரி அப்போதும் 10 வோல்ட் அளவில் தாங்கிக்கொள்ளும். தளர்ந்த பேட்டரி 9-க்கும் கீழே விழும். வளையத்தை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பாதியில் அணைந்து மீண்டும் தொடங்கலாம், புலமும் வலுவிழக்கலாம். என்ஜின் எப்படியோ பிடித்துவிடும். ஆனால் சாவிக்கான ஒப்புதல் வந்திருக்காது.

நான் பார்த்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் கொத்தில் இருந்த பைக் சாவியைக் கழற்றினேன். அதற்குள்ளும் சிப் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசிக் குழப்பும். பலனில்லை. வீட்டில் இருந்த மாற்றுச் சாவியைப் போட்டேன், அதிலும் அதேதான். இரண்டு சிப்பும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம் என்பதால் சந்தேகம் சாவியை விட்டு வண்டிக்குத் திரும்பியது. மாற்றுச் சாவியில் மட்டும் ஓடியிருந்தால், கீழே விழுந்து சிப் உடைந்த சாவி என்று அங்கேயே முடித்திருப்பேன்.

மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்தேன். சும்மா இருக்கும்போது 12.0. முழுச் சார்ஜில் 12.6 இருக்க வேண்டும். மனைவியைச் சாவியைத் திருப்பச் சொன்னேன், எண் 8.5-க்கு விழுந்தது. அடுத்து, ஆன் நிலையில் வைத்து, அந்த விளக்கு அணையும் வரை காத்திருந்து பிறகு திருப்பச் சொன்னேன். என்ஜின் பிடித்தது, நிற்கவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றும் முன்பே கேள்வி பதில் முடிந்துவிட்டது.

அன்றைக்கு மாலையே பேட்டரியை மாற்றினேன். ஸ்டார்ட் செய்யும்போது இப்போது 10.3 காட்டுகிறது, சாவியை ஒரே திருப்பாகத் திருப்பினாலும் ஓடுகிறது. புதுப் பேட்டரி போட்டும் நின்றிருந்தால், வளையத்திலிருந்து வரும் மெல்லிய கம்பியும் அதன் இணைப்பும்தான் அடுத்த சந்தேகம். ஸ்டீயரிங் உறையைக் கழற்றி வைத்து, இணைப்பைப் பிரித்து, சுருள் அறுந்திருக்கிறதா என்று அதே மல்டிமீட்டரில் பார்க்கலாம். அது அறுந்திருந்தால் எந்தச் சாவியைப் போட்டாலும், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் விளக்கு அணையாது.