பணம் இருக்கிறது, நகர மறுக்கிறது: TRX இல்லாத வாலட்டில் சிக்கிய USDT

மின்னிலக்க நாணயங்களைக் கையாளும் சிறு வணிகர்களுக்கும் தனியாட்களுக்கும் தொழில்நுட்ப ஆலோசனை சொல்வது என் தொழில். உதவி கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் "பணத்தைத் திருடிவிட்டார்கள்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். ஆனால் அவர்களில் கணிசமானோரின் பணம் எங்கும் போயிருக்காது. வாலட்டில் பத்திரமாக இருக்கும், நகர மட்டும் மறுக்கும். செங்காங்கிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கதையும் அப்படிப்பட்டதே. அவர் வீட்டிலிருந்தபடி காணொளித் தொகுப்பு வேலை செய்பவர். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் அவருக்கு ஊதியமாக, அமெரிக்க டாலரின் மதிப்பை ஒட்டியே இருக்கும் USDT என்ற மின்னிலக்க நாணயத்தில் 640 அனுப்பியிருந்தார். அதைத் தன் எக்ஸ்சேஞ்ச் கணக்குக்கு மாற்றிச் சிங்கப்பூர் வெள்ளியாக எடுக்க முயன்றபோது, போதுமான TRX இல்லை என்று வாலட் சொல்லிவிட்டது.

"அண்ணா, 640 டாலர் இருக்கிறதே, அதிலிருந்து ஒரு டாலரைக் கழித்துக்கொண்டால் என்ன?" என்று கேட்டார். வங்கிப் பழக்கத்தில் வளர்ந்த எவருக்கும் தோன்றும் நியாயமான கேள்வி அது. வங்கி பணத்தை அனுப்பும்போது அதே பணத்திலிருந்து கட்டணத்தைக் கழித்துக்கொள்கிறது. பிளாக்செயினில் அப்படி நடப்பதில்லை. அவருடைய USDT இருந்தது டிரான் என்ற பிளாக்செயின் வலையமைப்பில். அந்த வலையமைப்பு தனக்குச் சொந்தமானதாக அறிந்த நாணயம் TRX ஒன்றுதான். USDT என்பது அந்த வலையமைப்பின் மேல் ஓடும் ஒரு நிரல் வைத்திருக்கும் பேரேடு. இந்த முகவரிக்கு 640 என்று அந்தப் பேரேட்டில் ஓர் எண் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த எண்ணை மாற்றி எழுதும் வேலைக்கு வலையமைப்பு கூலி கேட்கிறது, கூலியைத் தன் சொந்த நாணயத்தில் மட்டுமே வாங்கிக்கொள்கிறது.

கூலி எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன், இருப்பது உண்மையான USDT தானா என்று பார்த்துவிட வேண்டும். டிரானில் யார் வேண்டுமானாலும் ஒரு டோக்கனை உருவாக்கி அதற்கு USDT என்று பெயர் வைக்கலாம். டிரான் கணக்குகளை யாரும் பார்க்க உதவும் டிரான்ஸ்கேன் தளத்தில் வாலட் முகவரியைத் தேடி, அந்த டோக்கனைச் சொடுக்கினால் அதன் நிரல் இருக்கும் ஒப்பந்த முகவரி தெரியும். அது எழுத்துக்கு எழுத்து இப்படி இருக்க வேண்டும்:

```
TR7NHqjeKQxGTCi8q8ZY4pL8otSzgjLj6t
```

வேறாக இருந்தால், அதை நகர்த்த TRX வாங்குவது வீண். இந்தப் பெண்ணிடம் இருந்தது உண்மையான USDT தான். TRX இருப்பு பூஜ்யம். கூடவே, ஊதியம் வந்தபோது அவருடைய கணக்கு செயல்படுத்தப்பட்டிருக்கவில்லை என்பதும் அந்தத் தளத்தில் தெரிந்தது. 640 டாலர் வந்து சேர்ந்த கணக்கு எப்படிச் செயல்படாமல் இருந்திருக்கும் என்று அவர் திகைத்தார். USDT நிரலின் பேரேட்டில் ஒரு முகவரியின் பெயர் ஏறுவது வேறு, டிரான் வலையமைப்பே அந்த முகவரியை ஒரு கணக்காகப் பதிவு செய்வது வேறு. பிந்தையது நடக்க, யாராவது அந்த முகவரிக்குச் சிறிதளவாவது TRX அனுப்ப வேண்டும். பதிவுக்கான செலவாக அனுப்புபவரிடமிருந்து 1 TRX-க்குச் சற்று மேல் பிடிக்கப்படும். ஊதியம் அனுப்பிய வாடிக்கையாளர் USDT மட்டும் அனுப்பியதால் அந்தப் பதிவு அப்போது நடக்கவில்லை.

என்னிடம் வருவதற்கு முன்பே அவர் ஒரு முயற்சி செய்து தோற்றிருந்தார். தோழி ஒருவர் 5 TRX அனுப்பினார்; கணக்கு செயல்பாட்டுக்கு வந்தது. கட்டணம் போதாமல் போகலாம் என்று வாலட் எச்சரித்தது, ஆனால் தடுக்கவில்லை. இவர் பொத்தானை அழுத்திவிட்டார். பரிவர்த்தனை OUT_OF_ENERGY என்ற சிவப்பு எழுத்துகளுடன் தோல்வியடைந்தது. 640 USDT அப்படியே இருந்தது, 5 TRX மட்டும் மறைந்துவிட்டது. திருடர்கள் எடுத்துவிட்டார்கள் என்று அவர் நம்பியது இந்த இடத்தில்தான்.

நடந்தது திருட்டு அன்று, கணக்கு. USDT-ஐ அனுப்பும் நிரலை ஓட்ட டிரான் "எனர்ஜி" என்ற அலகில் அளக்கிறது. அதைக் கையில் வைத்திராதவரிடம் ஒவ்வொரு அலகுக்கும் இத்தனை "சன்" என்று TRX எரிக்கப்படுகிறது. 10 லட்சம் சன் சேர்ந்தால் 1 TRX. ஓர் அலகின் விலை 210 சன்னாக இருந்தது. 2025 ஆகஸ்ட் இறுதியில் அது 100 சன்னாகக் குறைக்கப்பட்டது. பெறுபவரின் முகவரியில் ஏற்கெனவே கொஞ்சம் USDT இருந்தால் ஓர் அனுப்புதலுக்கு ஏறத்தாழ 65,000 அலகு செலவாகும். பெறுபவரின் இருப்பு பூஜ்யமாக இருந்தால், பேரேட்டில் ஒரு புதிய இடத்தை ஒதுக்க வேண்டியிருப்பதால், செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இவர் அனுப்ப நினைத்தது எக்ஸ்சேஞ்ச் அவருக்கென்று புதிதாக உருவாக்கித் தந்த முகவரிக்கு. அதில் ஒரு காசும் இருக்கவில்லை. எனவே கணக்கு இப்படி வந்தது:

```
130,285 × 100 = 13,028,500 சன் ≈ 13.03 TRX
```

5 TRX வாங்கக்கூடியது 50,000 அலகுதான். நிரல் பாதி வழி ஓடி, அலகு தீர்ந்ததும் நின்றது. ஓடிய வேலையை வலையமைப்பின் கணினிகள் செய்து முடித்துவிட்டதால், தோல்வியடைந்த முயற்சிக்கும் கூலி உண்டு. அது திரும்பி வராது. போதாத TRX-ஐக் கொண்டு முயல்வதைவிட முயலாமலிருப்பதே மேல் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். 2 TRX, 3 TRX என்று சிறுகச் சிறுக நண்பர்களிடம் கேட்டு, ஒவ்வொரு முறையும் எரித்துவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் 27 TRX வேண்டும் என்று சொல்லக்கூடும். அவை 210 சன் காலத்துக் கணக்கு. நிரலின் பயன்பாட்டைப் பொறுத்து அலகுத் தேவையும் மாறக்கூடியது என்பதால், அனுப்புவதற்கு முன் வாலட் காட்டும் மதிப்பீட்டைப் படித்து, அதற்கு மேல் ஓரிரு TRX கூடுதலாக வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

"பேண்ட்வித்" என்ற இரண்டாவது செலவும் உண்டு, அது சிறியது. செயல்பாட்டிலுள்ள ஒவ்வொரு கணக்குக்கும் நாளொன்றுக்கு 600 புள்ளி இலவசம். ஒரு USDT அனுப்புதல் ஏறத்தாழ 345 புள்ளியைத் தின்னும். தோற்ற முயற்சியும் அதைத் தின்றுவிடும் என்பதால், அடுத்த சில மணி நேரத்துக்குள் இரண்டாவது முறை அனுப்பினால் இலவசம் போதாமல் இன்னும் 0.345 TRX எரியும்.

சிங்கப்பூரில் TRX வாங்குவது கடினமன்று, ஆனால் உடனடியாக நடந்துவிடாது. அவரிடம் எக்ஸ்சேஞ்ச் கணக்கு ஏற்கெனவே இருந்ததால், பேநவ் வழியாகப் பத்து வெள்ளியைப் போட்டு, அன்றைய விலையில் 20 TRX-க்குச் சற்று மேல் வாங்கினார். வெளியே எடுக்கும்போது, அந்த வாலட் யாருடையது என்று எக்ஸ்சேஞ்ச் கேட்டது. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் பணமோசடித் தடுப்பு விதிகள் அனுமதி பெற்ற நிறுவனங்களிடம் இத்தகைய விவரங்களை எதிர்பார்க்கின்றன; அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அந்த நிறுவனம் புதிய முகவரிக்கு 24 மணி நேரக் காத்திருப்பையும் வைத்திருந்தது. காத்திருந்ததில் ஒரு சிறு லாபம்: அதற்குள் இலவச பேண்ட்வித் நிரம்பிவிட்டது. மறுநாள் இரவு 20 TRX வந்து சேர்ந்ததும், முதலில் 10 USDT-ஐ அனுப்பிப் பார்க்கலாமா என்று கேட்டார். வேறு சந்தர்ப்பத்தில் அது நல்ல பழக்கம்தான். இங்கே கட்டணம் தொகையைப் பொறுத்ததன்று. பத்துக்கும் 13 TRX, 640-க்கும் 13 TRX. சோதனை அனுப்புதலே 13 TRX-ஐத் தின்றுவிட்டால், எஞ்சும் TRX போதாமல் மீதி 630 மீண்டும் சிக்கிக்கொள்ளக்கூடும். முகவரியை இருமுறை சரிபார்த்து மொத்தத்தையும் ஒரே தடவையில் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார், ஒரு நிமிடத்தில் முடிந்தது.

அந்த 24 மணி நேரக் காத்திருப்பின்போதுதான் ஆபத்து வாசலுக்கு வந்தது. டெலிகிராம் குழு ஒன்றில் தன் சிக்கலைப் பற்றி அவர் எழுதியிருந்தார். சற்று நேரத்தில் வாலட்டின் உதவிப் பிரிவு என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தனியாகத் தொடர்புகொண்டு, எனர்ஜியை வாடகைக்கு ஏற்பாடு செய்வதாகவும் அதற்கு அவருடைய வாலட்டைத் திறக்கும் பன்னிரண்டு மீட்புச் சொற்கள் வேண்டும் என்றும் கேட்டார். எனர்ஜி வாடகை என்பது உண்மையில் உள்ள சேவைதான். TRX-ஐ முடக்கி வைத்திருப்பவர்கள் தங்கள் எனர்ஜியைப் பிறருடைய முகவரிக்கு ஒப்படைக்க வலையமைப்பே வழி செய்திருக்கிறது. TRX எரிப்பதைவிட அது மலிவாகவும் அமையலாம். ஆனால் ஒப்படைக்கத் தேவைப்படுவது செயல்பாட்டிலுள்ள ஒரு முகவரி மட்டுமே. மீட்புச் சொற்களைக் கேட்பவர் கேட்பது பணத்தை. அந்த ஆளுடன் நடந்த உரையாடலைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, ஸ்கேம்ஷீல்ட் உதவி எண் 1799-ஐ அழைக்கச் சொன்னேன்.

இதே சிக்கலைத் தூண்டிலாகப் பயன்படுத்தும் வேறொரு வகையும் உண்டு. "எனக்கு இதெல்லாம் புரியவில்லை, இந்தச் சொற்களில் 2,000 USDT இருக்கிறது, எடுக்க உதவுங்கள்" என்று ஒருவர் தன் மீட்புச் சொற்களையே பொதுவெளியில் போட்டுவிடுவார். திறந்து பார்த்தால் USDT இருக்கும், TRX இருக்காது. தேக்காவில் கடை வைத்திருக்கும் ஒருவர் 15 TRX போட்டு எடுக்கப் பார்த்து ஏமாந்தார். டிரானில் ஒரு கணக்கின் உரிமையாளர் அனுமதியை வேறொரு முகவரிக்கு மாற்றிவைக்க முடியும். அப்படி மாற்றப்பட்ட கணக்கில், கையிலுள்ள சொற்களால் எதையும் கையொப்பமிட முடியாது. போடுகிற TRX மட்டும் தூண்டில்காரருக்குப் போய்ச் சேரும். பேராசைக்காரர் என்று அந்தக் கடைக்காரரைப் பற்றி நான் நினைக்கவில்லை, உதவத்தான் போனார் என்றே நம்புகிறேன். டிரான்ஸ்கேனில் கணக்கின் அனுமதிப் பகுதியைப் பார்த்திருந்தால், உரிமையாளர் இடத்தில் வேறு முகவரி இருப்பது தெரிந்திருக்கும்.

TRX எவ்வளவு போட்டாலும் தீராத நிலையும் ஒன்று உண்டு. USDT-ஐ வெளியிடும் டெதர் நிறுவனம் குறிப்பிட்ட முகவரிகளைத் தடைப்பட்டியலில் சேர்க்க முடியும். அப்படிச் சேர்க்கப்பட்ட முகவரியிலிருந்து அனுப்பினால் தோல்விக் குறிப்பு OUT_OF_ENERGY என்று வராது, REVERT என்று வரும். அதைக் கண்டபின் மேலும் TRX வாங்குவது பணத்தை எரிப்பதே ஆகும்.

இங்கே சொன்ன எண்கள் எல்லாம் T என்ற எழுத்தில் தொடங்கும் டிரான் முகவரிகளுக்கு மட்டும் பொருந்தும். முகவரி 0x என்று தொடங்கினால் அது வேறு உலகம்: ஒரே முகவரி எத்தீரியம், ஆர்பிட்ரம், பிஎன்பி செயின் எனப் பலவற்றிலும் செல்லும். டோக்கன் எந்த வலையமைப்பில் இருக்கிறதோ அந்த வலையமைப்பிலேயே அதன் சொந்த நாணயம் இருக்க வேண்டும். ஆர்பிட்ரத்தில் சிக்கிய டோக்கனுக்காக எத்தீரியத்தில் ஈத்தர் வாங்கிப் போட்டுவிட்டு வருபவர்களும் உண்டு.

செங்காங் பெண்ணிடம் இப்போது 6.97 TRX மீதமிருக்கிறது. அடுத்த மாத ஊதியம் வந்ததும் அதே முகவரிக்கு அனுப்ப அது போதும் என்று நினைத்திருந்தார். அங்கே ஏற்கெனவே ஒருமுறை USDT போயிருப்பதால் பாதிச் செலவுதானே என்பது அவர் கணக்கு. ஆனால் எக்ஸ்சேஞ்சுகள் வாடிக்கையாளர் முகவரிகளில் சேரும் பணத்தைத் தங்கள் பொது வாலட்டுக்கு அவ்வப்போது வாரிக்கொண்டு போய்விடும். வாரியபின் அந்த முகவரியின் இருப்பு மீண்டும் பூஜ்யம், கட்டணம் மீண்டும் 13 TRX. அடுத்த அனுப்புதலுக்கு முன் குறைந்தது இன்னும் 8 TRX வாங்கி வைக்கும்படி சொல்லியிருக்கிறேன்.