எட்டு ரூபாய் வரிக்குறைப்பு, ஊருக்கு ஒரு கணக்கு

2022ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி மாலையில், பெட்ரோல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 8 ரூபாய் குறைப்பதாக மத்திய அரசு அறிவித்தது. இதனால் பெட்ரோல் விலை லிட்டருக்கு ஒன்பதரை ரூபாய் குறையும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னார். மறுநாள் காலையில் பெட்ரோல் பங்குகளின் விலைப்பலகைகள் மாறியபோது, டெல்லியில் 105.41 ரூபாயிலிருந்து 96.72 ரூபாயாக, அதாவது 8.69 ரூபாய்தான் குறைந்திருந்தது. சென்னையில் 110.85 ரூபாய் 102.63 ரூபாயானது; குறைவு 8.22 ரூபாய். மும்பையில் 120.51 ரூபாய் 111.35 ரூபாயானது, அங்கே குறைவு 9.16 ரூபாய். நாடு முழுவதும் ஒரே 8 ரூபாயைத்தான் குறைத்தார்கள். அப்படியிருக்க, அமைச்சர் சொன்ன ஒன்பதரை ரூபாய் எங்கிருந்து வந்தது, மூன்று ஊர்களில் மூன்று விதமாக ஏன் குறைந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விலை அடுக்கப்படும் விதத்திலேயே விடை இருக்கிறது. யாராவது இடையில் பணத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று அப்போது பலர் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்தில் சிறு பகுதி உண்மை, பெரும்பகுதி கணக்குப் புரியாததால் வந்தது.

இந்தியன் ஆயில் நிறுவனம் டெல்லி விலையை மட்டும் உடைத்துப் பகுதி பகுதியாக வெளியிடுவது வழக்கம். வரிக்குறைப்புக்கு முந்தைய 105.41 ரூபாயை அந்தக் கணக்கின்படி அடியிலிருந்து பார்ப்போம். முதலில், வரி எதுவும் சேராமல், டெல்லிக்குக் கொண்டுவரும் 20 பைசா போக்குவரத்துச் செலவையும் சேர்த்து, நிறுவனம் டீலருக்குப் போடும் விலை 56.52 ரூபாய். கச்சா எண்ணெய் வாங்கியது, சுத்திகரித்தது, நிறுவனத்தின் சொந்தச் செலவு, லாபம் அல்லது நட்டம் எல்லாம் இதற்குள் அடக்கம். இதன்மேல் மத்திய அரசின் கலால் வரி 27.90 ரூபாய். அதன்மேல் டீலர் கமிஷன் சராசரியாக 3.86 ரூபாய். இந்த மூன்றையும் கூட்டினால் 88.28 ரூபாய் வருகிறது. கடைசியாக, இந்த 88.28 ரூபாய் முழுவதன் மீதும் டெல்லி அரசு 19.40 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி போடுகிறது, அது 17.13 ரூபாய். எல்லாம் சேர்ந்தால் 105.41.

கலால் வரியும் மாநில வரியும் இரண்டு வெவ்வேறு குணம் கொண்டவை. கலால் வரி லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாக விதிக்கப்படுகிறது. கச்சா எண்ணெய் ஏறினாலும் இறங்கினாலும் அது அசையாது, அரசு மாற்றினால்தான் மாறும். மாநில வரியோ பெரும்பாலும் சதவீதக் கணக்கு. அதனால் கீழே எது மாறினாலும் அதுவும் தானாகவே மாறும். அந்தச் சதவீதம் பெட்ரோலின் அடிப்படை விலைமீது மட்டும் விழுவதில்லை, கலால் வரிமீதும் டீலர் கமிஷன்மீதும் சேர்ந்தே விழுகிறது. வரிக்கு மேல் வரி என்று மக்கள் குறைபட்டுக்கொள்வது இந்த இடத்தைப் பற்றித்தான். இது மிகைப்பேச்சு அல்ல, பில்லின் அமைப்பே அப்படித்தான்.

இப்போது அமைச்சரின் ஒன்பதரை ரூபாயைக் கண்டுபிடிப்பது எளிது. கலால் வரியில் 8 ரூபாய் குறைந்தால், அந்த 8 ரூபாயின் மீது டெல்லி போட்டுவந்த 19.40 சதவீதமும், அதாவது 1.55 ரூபாயும், கூடவே போய்விடும். இரண்டும் சேர்ந்து 9.55 ரூபாய். அறிவிப்பில் வந்த எண் டெல்லி வரிவிகிதத்துக்குப் பொருந்துகிறது. வேறு எதுவும் மாறாதிருந்தால் அந்நகரத்தில் விலை அவ்வளவு குறைந்திருக்கும்.

ஆனால் வேறு சிலவும் மாறின. வரிக்குறைப்புக்குப் பிந்தைய டெல்லிக் கணக்கில் நிறுவனம் டீலருக்குப் போட்ட விலை 57.33 ரூபாய், முன்பைவிட 81 பைசா அதிகம். அப்போது கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு நூறு டாலருக்கு மேல் விற்றது. சில்லறை விலையோ ஏப்ரல் 6ஆம் தேதிக்குப் பிறகு அசையவேயில்லை. பெட்ரோலை அடக்க விலைக்கும் கீழே விற்பதாக எண்ணெய் நிறுவனங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. எனவே வரி இறங்கிய அதே வேளையில் 81 பைசா அவர்கள் பக்கம் சேர்ந்ததில் வியப்பில்லை. பொதுமக்களின் சந்தேகத்தில் உண்மையான பகுதி என்று நான் மேலே சொன்னது இதைத்தான்.

டீலர் கமிஷனும் 3.86 ரூபாயிலிருந்து 3.78 ரூபாயாக இறங்கியது. யாரும் கமிஷனைக் குறைக்க உத்தரவிடவில்லை. கமிஷனின் பெரும்பகுதி நிலையான தொகை. அதனுடன் பில் விலையில் 0.875 சதவீதம் சேர்கிறது. விலை எட்டு ரூபாய்க்கு மேல் இறங்கியதால் அந்தச் சதவீதப் பகுதியும் தானாகவே ஏழெட்டுப் பைசா சுருங்கியது.

இவற்றைக் கூட்டிக் கழித்தால், மாநில வரிக்குக் கீழே உள்ள அடுக்கில் நிகரமாக என்ன நடந்தது என்பது தெரிந்துவிடும். கலால் வரி 8 ரூபாயும் கமிஷன் 8 பைசாவும் குறைந்தன, அடிப்படை விலை 81 பைசா கூடியது. ஆக நிகரக் குறைவு 7.27 ரூபாய். இதன்மேல் டெல்லியின் 19.40 சதவீதத்தைச் சேர்த்தால் 8.68 வருகிறது. விலைப்பலகையில் 8.69. ஒரு பைசா வித்தியாசம், வரிகள் பைசாவுக்கு முழுமையாக்கப்படுவதால் வருவது.

இந்த 7.27 ரூபாய் டெல்லிக்கு மட்டும் உரியதா என்று பார்ப்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அப்போது தமிழ்நாட்டில் பெட்ரோல்மீது 13 சதவீதமும், அதோடு லிட்டருக்கு 11.52 ரூபாய் நிலையான தொகையும் மாநில வரியாக இருந்தன. நிலையான 11.52 ரூபாய் கலால் வரிக்குறைப்பால் அசையாது. 13 சதவீதம் மட்டுமே அசையும். 7.27 ரூபாயோடு அதன் 13 சதவீதத்தைக் கூட்டினால் 8.22 ரூபாய். சென்னையில் குறைந்தது மிகச் சரியாக அதே தொகைதான். மும்பையில் சதவீத வரி 26. ஆகவே 7.27ஐயும் அதன் 26 சதவீதத்தையும் கூட்டினால் 9.16 ரூபாய், அதுவும் அப்படியே பொருந்துகிறது. சென்னைவாசிக்கு மும்பைவாசியைவிட 94 பைசா குறைவாகக் கிடைத்ததற்குக் காரணம், இங்கே சதவீத வரி குறைவாக இருந்ததுதான்.

இதைக் குறை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனெனில் விலை ஏறும்போது இதே அமைப்பு நம்மைக் காக்கிறது. அடிப்படை விலை 10 ரூபாய் ஏறினால் மும்பை வாடிக்கையாளருக்கு 12.60 ரூபாய் ஏறும். சென்னை வாடிக்கையாளருக்கு 11.30 ரூபாய்தான். தமிழ்நாட்டில் முன்பு வரி முழுக்கச் சதவீதமாக, 34 சதவீதம் என்று இருந்தது. 2020 மே மாதத்தில் அதை 15 சதவீதம், கூடவே 13.02 ரூபாய் என்று பிரித்தார்கள். 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோதுதான் 13 சதவீதம், 11.52 ரூபாய் என்றானது. இப்படிப் பிரித்ததால் அரசுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு: கச்சா எண்ணெய் சரிந்தாலும் நிலையான தொகை அப்படியே வந்துகொண்டிருக்கும். எனக்கு இதில் ஒரு குறை உண்டு. நுகர்வோருக்கு நிதானமான விலை என்று இதைப் பாராட்டுபவர்கள், எண்ணெய் மலிவாகும் காலத்தில் விலை இறங்காமல் பிடித்துவைப்பதும் இதே நிலையான தொகைதான் என்பதைச் சொல்வதில்லை.

மாநிலங்கள் அப்போது கோபப்பட்டதற்கும் இந்த அடுக்கிலேயே காரணம் இருக்கிறது. அவை தங்கள் வரிவிகிதத்தைத் தொடவேயில்லை. ஆனாலும் டெல்லியில் மாநில வரி 17.13 ரூபாயிலிருந்து 15.71 ரூபாயாக, லிட்டருக்கு 1.42 ரூபாய் குறைந்துபோனது. சென்னையில் அதே வழியில் 95 பைசா குறைந்தது. வெட்டப்பட்ட 8 ரூபாயோ சாலை, உள்கட்டமைப்புக்கான செஸ் என்ற பெயரில் வந்துகொண்டிருந்த தொகை. செஸ்ஸாக வசூலிக்கப்படும் பணம் மாநிலங்களோடு பகிரப்படும் பொதுத் தொகுப்புக்குள் வராது. குறைப்புக்குப் பிறகு மீந்த 19.90 ரூபாய்க் கலால் வரியிலும் பகிரப்படும் அடிப்படைக் கலால் வரி 1.40 ரூபாய் மட்டுமே.

இதில் கண்ணில் படாமல் அடிபட்டவர் டீலர். கலால் வரி பெட்ரோல் பங்கில் வசூலிக்கப்படுவதில்லை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை விட்டு வெளியேறும்போதே கணக்கிடப்பட்டு, டீலர் வாங்கும் பில்லில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே மே 21ஆம் தேதி இரவு நிலத்தடித் தொட்டியில் கிடந்த பெட்ரோல், பழைய வரியைச் செலுத்தி வாங்கியது. காலை ஆறு மணிக்கு அதைப் புதிய விலைக்கு விற்க வேண்டும். சென்னையில் ஒரு பங்கில் ஒரு டேங்கர் சரக்கு, 12,000 லிட்டர், அப்படியே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். டெல்லியின் சராசரிக் கமிஷனையே இங்கும் எடுத்துக்கொண்டால், அவர் வாங்கிய விலை லிட்டருக்கு 106.99 ரூபாய். விற்கும் விலை 102.63 ரூபாய். கமிஷன் கிடைக்காதது ஒருபுறம் இருக்க, ஒவ்வொரு லிட்டருக்கும் 4.36 ரூபாய் கையிலிருந்து போகிறது. 12,000 லிட்டருக்கு 52,320 ரூபாய். விலை பைசா பைசாவாக மாறும் நாட்களில் இந்த இழப்பும் ஆதாயமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். வரி ஒரே இரவில் எட்டு ரூபாய் வெட்டப்படும்போது அது நடப்பதில்லை. அந்த மாதம் 31ஆம் தேதி பல மாநிலங்களின் டீலர்கள் ஒருநாள் கொள்முதலை நிறுத்தினார்கள். 2017க்குப் பிறகு கமிஷன் உயர்த்தப்படவில்லை என்பதே அவர்களின் முக்கியக் கோரிக்கை.

பின்னால் வந்த மாற்றங்களையும் இதே அளவுகோலால் அளக்கலாம். 2024 மார்ச் மாதத்தில் எண்ணெய் நிறுவனங்கள் பெட்ரோலை 2 ரூபாய் குறைத்ததாக அறிவித்தபோது, டெல்லியில் சரியாக 2 ரூபாய் குறைந்தது. 2 ரூபாய்க்குள் டெல்லியின் 19.40 சதவீத வரியும் அடங்கியிருப்பதால், வரிக்குக் கீழே உண்மையில் குறைந்தது ஏறக்குறைய 1.67 ரூபாய். அதோடு நம் 13 சதவீதத்தைக் கூட்டினால் 1.89 ரூபாய், சென்னையில் விலை 102.63 ரூபாயிலிருந்து 100.75 ரூபாயாக, 1.88 ரூபாய் குறைந்தது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் பெட்ரோல் டீலர் கமிஷன் லிட்டருக்கு 65 பைசா உயர்ந்தது. டெல்லியில் சில்லறை விலை மாறவில்லை. 2025 ஏப்ரலில் கலால் வரி 2 ரூபாய் கூட்டப்பட்டது. அப்போதும் வாடிக்கையாளர் கொடுக்கும் விலை மாறவில்லை. இரண்டு முறையும் பலகையில் எண் அப்படியே நிற்க, மேலே கூடிய தொகை அளவுக்கு அடியில் இருக்கும் நிறுவனத்தின் விலை சுருங்கியது.